புயல் வருது: பட்டினப்பாக்கம் வீடுகளுக்கு

(காட்சி: கடலோர வீட்டு வாசல். பேசுபவர் அந்தத் தெருக்காரர்.)

வணக்கம்க்கா, வணக்கம்ண்ணே. புயல் எச்சரிக்கை வந்தாச்சு. இன்னைக்குப் பகலிலேயே வேலையை முடிச்சிடுங்க.

(காட்சி: குடம், டார்ச், மாத்திரை அட்டை)

ஆளுக்கு மூணு நாளைக்குக் குடிதண்ணீர். பிஸ்கட், அவல், பொட்டுக்கடலை. அம்மாவின் சர்க்கரை, பிரஷர் மாத்திரை ஒரு வாரத்துக்கு. போன், பவர் பேங்க் ரெண்டையும் இப்பவே சார்ஜ் போடுங்க.

(காட்சி: பிளாஸ்டிக் கவரை மடித்து ரப்பர் பேண்ட் போடும் கை)

ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக், படகின் பதிவுப் புத்தகம். ரெண்டு கவருக்குள்ள போட்டு, காற்றை அமுக்கி வெளியேத்தி, வாயை முறுக்கிக் கட்டுங்க. போட்டோவும் எடுத்து வெளியூர்ச் சொந்தக்காரருக்கு அனுப்பிடுங்க.

(காட்சி: மெயின் சுவிட்ச், சிலிண்டர்)

மாநகராட்சி கிளம்பச் சொன்னா உடனே கிளம்புங்க. ஓலை, ஷீட் வீடுன்னா சொல்றதுக்கு முன்னாடியே, வெளிச்சத்தில். மெயினை அணைச்சு, கேஸை மூடிட்டு முகாமுக்கு வாங்க.

2016 வர்தா நினைவிருக்கா? நடுவில் காற்று அடங்கும். அது புயலின் கண். மறுபக்கக் காற்று திரும்ப அடிக்கும். அதனால காற்று அடங்கினாலும் வெளியே வராதீங்க.

உதவிக்கு 1913, 1077.