வடிவு

தம்பலகாமத்து வீட்டுத் திண்ணையில் சுளகை மடியில் வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மம்மாவிடம், ஒரு காலத்தில் ஊரிலேயே வடிவான பெட்டை அவர்தானாமே என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"சொன்னவைதான். அதனால்தான் அஞ்சாம் வகுப்போடு மறிச்சவை," என்றார்.

கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் வந்து சேரும் நாட்களில் தங்கை வயலுக்கும் பள்ளிக்கும் ஓடித் திரிய, வெயில் பட்டால் நிறம் மங்கிவிடும் என்று இவரை மட்டும் வீட்டுக்குள் இருத்தினார்களாம். வடிவில்லாதவள் என்று எவரும் கவனிக்காத அந்தத் தங்கைதான் பின்னர் ஆசிரியையானார். 1964 மார்கழிப் புயலில் கூரை பறந்த இரவில், தாய் எல்லோரையும் விட்டுவிட்டு இவரின் முகத்தைத்தான் முதலில் சீலையால் மூடினாராம். உயிருக்குப் பயந்தாரா, முகத்துக்குப் பயந்தாரா என்று இன்றும் தெரியவில்லை என்றார். பதினேழு வயதில் கல்யாணம். அதைப் பற்றி அதிகம் பேசவில்லை.

"அப்பப் பெருமையாய் இருக்கேல்லையா?"

"இருந்தது, பிள்ளை. கோயில் திருவிழாவில் எல்லாரும் திரும்பிப் பார்க்கேக்க நல்லாத்தான் இருந்தது. ஆனால் எனக்கு மனக்கணக்கு நல்லா வரும் என்று ஒருத்தரும் சொன்னதில்லை."

அறுவடை நேரத்தில் எத்தனை மூடை நெல், எவருக்கு எவ்வளவு கூலி என்று மாமா இன்றும் அவரிடம்தான் கேட்பார். நான் சுளகின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தக் கல்லை விட்டிட்டாய்," என்றார் அம்மம்மா.