கொடக்கன் பிள்ளை எதிர் முதநாயக்க, 54 என்.எல்.ஆர். 433: தீர்ப்பின் நியாயம்

அரசியலமைப்புச் சட்டக் குறிப்பு, ஹட்டன்

விவகாரம்: 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், பிரசைகளுக்கு மட்டுமே வாக்கு என்ற 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டமும் எந்தச் சமூகத்தின்மீதும் தனியாக இயலாமை சுமத்தக் கூடாது என்ற, இலங்கையின் சோல்பரி அரசியலமைப்பின் 29(2)(ஆ) பிரிவை மீறி, இந்தியத் தமிழர்மீது மட்டும் இயலாமையைச் சுமத்துகின்றனவா? அன்றைய இறுதி மேன்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலின் விடை: இல்லை. மேன்முறையீடு தள்ளுபடி, 1953.

நியாயம்: 29ஆம் பிரிவு பாராளுமன்றத்தைக் கட்டுப்படுத்துகிறது; அதை மீறும் சட்டம் மீறிய அளவுக்கு வலிதற்றது. சட்டத்தின் சொற்களில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை என்பதோடு விசாரணை முடிந்துவிடாது. நேரடியாகச் செய்யக் கூடாததைச் சட்டவாக்கசபை சுற்றுவழியில் செய்தாலும் அது அதிகாரம் கடந்ததே. ஆகவே சட்டத்தின் உண்மைத் தன்மையை அறிய, ஆணைக்குழு அறிக்கைகளையும், சட்டம் இயற்றிய வேளையில் சபைக்குத் தெரிந்திருந்ததாகக் கொள்ளவேண்டிய நிலைமைகளையும் நீதிமன்றம் கவனத்திற்கு எடுக்கலாம். அப்படிப் பார்த்தால், தன் பிரசைகள் யார் என்று தீர்மானிப்பது ஒரு நாட்டின் சட்டவாக்கசபைக்கு இயல்பான, நியாயமான வேலை. இந்தியத் தமிழர் இங்கும் அங்கும் பெயர்ந்து வாழும் பழக்கம், பிரசையாகும் தகுதியைப் பற்றிய கேள்விக்கு நேரடியாகப் பொருந்துவது; அவர்களை ஒரு சமூகமாக நடத்துவதோடு அதற்குத் தொடர்பில்லை. மேலும், 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், நாட்டோடு போதிய பிணைப்புள்ளோர் பதிவு பெற வழி திறந்திருப்பதால், அவர்களை விலக்குவதே நோக்கம் என்று கொள்ள முடியாது. பிரசாவுரிமைச் சட்டம் செல்லும்; எனவே அதன்மேல் நிற்கும் தேர்தல் சட்டமும் செல்லும்.

என் குறிப்பு: பந்தியைச் சுருக்கும்போது "பெயர்ந்து வாழும் பழக்கம்" என்ற வரியை முதலில் வெட்டினேன், பிறகு திரும்பச் சேர்த்தேன். முழுத் தீர்ப்பும் அந்த ஆணியில்தான் தொங்குகிறது. அதை விட்டால் வாசிப்பவர், நீதிமன்றம் சொற்களை மட்டும் பார்த்தது என்று நினைத்துவிடுவார். மறைமுகமாக மீறினாலும் மீறலே என்ற கோட்பாட்டை மன்றம் ஏற்றுக்கொண்டது; பொருத்தும் இடத்தில்தான் கைவிட்டது. பரீட்சையில் இந்த வேறுபாட்டை எழுத வேண்டும்.

பொருத்தியது சரியென்று என்னால் ஏற்க முடியவில்லை. வம்சாவழிப் பிரசாவுரிமைக்கு, இங்கே பிறந்தவரும் தன் அப்பாவோ, தாத்தாவும் பூட்டனுமோ இங்கே பிறந்ததைக் காட்ட வேண்டியிருந்தது. எங்கள் பூட்டன் பொகவந்தலாவைப் பக்கம் ஒரே லயத்தில் வாழ்ந்து, அங்கேயே புதைக்கப்பட்டவர். தோட்டத்துத் தொழிலாளர் பெயரேடான செக்ரோலில் அவர் பெயர் உண்டு. பிறப்புச் சான்றிதழ் இல்லை. கடதாசி இல்லாமையும் பெயர்ந்து வாழ்வதும் ஒன்றல்ல. இந்தப் பழக்கத்தை ஒவ்வொருவரிடமும் தேடாமல், முழுச் சமூகத்தின் குணமாகவே மன்றம் எடுத்துக்கொண்டது. சமூகத்தோடு தொடர்பில்லை என்று சொன்ன அதே வாக்கியத்தில் "இந்தியத் தமிழர்" என்ற சமூகப் பெயர்தான் நிற்கிறது.

சேர்த்து வாசிக்க: 29ஆம் பிரிவு பற்றி இலஞ்ச ஆணையாளர் எதிர் ரணசிங்க, 1964. 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பில் இந்தப் பிரிவு இல்லை.