மாலையில் வீட்டுக்குள் துண்டிக்கப்படும் அழைப்புகள்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். லோரோங் புவாங்கோக் கம்பத்தில் குடியிருக்கிறேன். இரண்டு மாதங்களாக இரவு 7 மணி முதல் 10 மணி வரை வீட்டுக்குள் கைத்தொலைபேசியில் பேசவே முடிவதில்லை. இரண்டு மூன்று நிமிடத்தில் அழைப்பு துண்டிக்கப்படுகிறது. வாசலுக்கு வந்தால் சரியாகிவிடுகிறது. எண்பது வயது அம்மாவை மழையில் வாசலில் நிறுத்தியா தஞ்சாவூரிலிருக்கும் தம்பியோடு பேச வைப்பது?

துத்தநாகக் கூரை சிக்னலைத் தடுக்கும் என்று உங்கள் ஊழியர் சொன்னார். உண்மைதான். ஆனால் அதே கூரையின்கீழ் பகலில் தெளிவாகப் பேசுகிறோமே! மாலையில் சுற்றியுள்ள அடுக்குமாடி வீடுகளில் எல்லாரும் ஒரே நேரத்தில் பயன்படுத்துவதால் நெரிசல் ஏற்படுகிறதோ என்று நினைக்கிறேன். அவர் வந்து அளந்தது காலை 11 மணிக்கு, அதுவும் வெளியே நின்று.

தயவுசெய்து இரவு 8 மணிக்கு ஒருவரை அனுப்பி, அம்மாவின் அறைக்குள் அளந்து பாருங்கள். சரிசெய்யும்வரை வைஃபை வழி அழைக்கும் வசதியையாவது எங்கள் இரு எண்களுக்கும் செயல்படுத்திக் கொடுங்கள்.

இப்படிக்கு,
கம்பத்துவாசி, உங்கள் ஒன்பதாண்டு வாடிக்கையாளர்