முதல் மாத வகுப்புக் கவனிப்புப் படிவம்: தன்னார்வ ஆசிரியர்

பாடம்: கணக்கு (பின்னங்கள்), ஐந்தாம் வகுப்பு, மாலை வகுப்பு
கவனித்தது: முதல் வாரத்தில் ஒரு முழு வகுப்பு, நான்காம் வாரத்தில் ஒன்று
நிலைகள்: தொடக்கம் / வளர்கிறது / உறுதிப்பட்டது. கூட்டு மதிப்பெண் கிடையாது.

பிள்ளைகளோடு பழகுதல்: உறுதிப்பட்டது
எல்லோரையும் பெயர் சொல்லி அழைக்கிறீர்கள். தாமதமாக வந்தவனைக் கண்டிக்காமல், எந்தக் கணக்கு நடக்கிறது என்று பக்கத்துப் பிள்ளையையே சொல்ல வைத்தீர்கள். மிக நல்ல பழக்கம்.

கரும்பலகை: உறுதிப்பட்டது
கடைசி வரிசைக்கும் தெரிகிறது.

தவறான பதிலைக் கையாளுதல்: வளர்கிறது
இந்த மாதத்தின் பெரிய மாற்றம் இதுதான். முதல் வாரத்தில் தப்பான பதில் வந்தால் "இல்லை, வேற யாரு?" என்று நகர்ந்துவிட்டீர்கள். நான்காம் வாரத்தில் ஒரு மாணவி 1/3-ஐ விட 1/4 பெரியது என்றபோது, "எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று கேட்டீர்கள். 3-ஐ விட 4 பெரியதுதானே என்றாள். அவள் எங்கே தடுமாறுகிறாள் என்பது அந்த ஒரு கேள்வியில் வெளியே வந்தது. காகிதப் பட்டையை மடித்துப் பார்க்கச் சொன்னதும் சரியான முடிவு. ஆனால் அவள் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விதியை நீங்கள் சொல்லிவிட்டீர்கள். அவளே சொல்லியிருப்பாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. அப்புறம், மூன்றாக மடிக்கப் பலர் சிரமப்பட்டார்கள். 12 செ.மீ. பட்டை கொடுத்து அளந்து கோடு போடச் சொன்னால் 4 செ.மீ., 3 செ.மீ. என்று வேறுபாடு பளிச்செனத் தெரியும்.

கேள்வி கேட்டுக் காத்திருத்தல்: தொடக்கம்
கேள்வி முடிந்த உடனே ஒரு குறிப்பு தருகிறீர்கள், அல்லது முதலில் கை தூக்கியவரிடம் போகிறீர்கள். அதனால் முன்வரிசையில் உள்ள அதே சிலர்தான் பதில் சொல்கிறார்கள். ஆசிரியர் 3 வினாடியாவது காத்திருந்தால் பதில்கள் நீளும், பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்குவார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோவ் 1970-களிலேயே வகுப்பறை ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். அமைதி நீண்டால் வகுப்பு கைவிட்டுப் போகிறதோ என்ற பதற்றம் புதிதாக வருபவர்களுக்கு இயல்பு. உங்கள் வகுப்பில் அந்த அமைதியில் பிள்ளைகள் யோசித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஜன்னல் ஓர வரிசையில் இருவர் விரல்விட்டு எண்ணியதைப் பார்த்தேன்.

நேரம்: தொடக்கம்
கடைசிக் கணக்கு பாதியில் நின்றது. நான்கு கணக்குக்குப் பதில் மூன்று போதும்.

அடுத்த மாத இலக்கு
ஒன்றே ஒன்று: காத்திருத்தல். கேள்வி கேட்டதும் மனதுக்குள் நிதானமாக மூன்று எண்ணுங்கள். "முதலில் நோட்டில் எழுதுங்க, அப்புறம் கை தூக்குங்க" என்பதும் உதவும். நேரத்தை இப்போதைக்கு விட்டுவிடலாம், காத்திருக்கத் தொடங்கினால் முதலில் அது இன்னும் இறுகத்தான் செய்யும்.

என் பங்கு
இரண்டாம் வாரம் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து, எத்தனை வெவ்வேறு பிள்ளைகள் பதில் சொன்னார்கள் என்று மட்டும் குறித்துத் தருகிறேன். மேலே எழுதியதில் எதையாவது நான் தவறாகப் புரிந்திருந்தால் அதற்கு முன்பே சொல்லுங்கள், திருத்திவிடலாம்.