வேலியே மேய்ப்பன்: கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலம் பற்றிய எங்கள் ஆய்வுப் போஸ்டரின் சுருக்கக் காணொளி, படப்பிடிப்புப் பிரதி

நீளம்: மூன்று நிமிடத்துக்குள். குரல்: நான். கேமரா: தம்பி. இடம்: காங்கயத்துக்கும் மூலனூருக்கும் இடைப்பட்ட காடுகள்.

தம்பிக்கு ஒரு குறிப்பு. போஸ்டர் முன்னால் நிற்பவர் தனக்கு வேண்டிய கட்டத்தை மட்டும் படித்துவிட்டு நகர்ந்துவிடலாம். காணொளியில் நாம் சொல்லும் வரிசையில்தான் அவர் வந்தாக வேண்டும். ஆகவே புல் வகை அட்டவணையையும் நிலவரைபடத்தையும் விட்டுவிட்டேன். போஸ்டரில் கடைசிக் கட்டத்தில் கிடந்த வேலிதான் இங்கே கதாநாயகன்.

0:00 – 0:20 கேள்வி

காட்சி: வெயில் ஏறிய காடு. காங்கயம் மாடுகள் மேய்கின்றன. சட்டகத்துக்குள் ஆள் யாரும் வரக்கூடாது. மணிச் சத்தம் மட்டும் கேட்கட்டும், இசை வேண்டாம்.

குரல்: "இந்த மாடுகளைக் காலையில் அவிழ்த்துவிட்டவர் இப்போது இங்கே இல்லை. மேய்ப்பவர் இல்லாமலே மாடுகள் அடுத்தவர் வெள்ளாமைக்குள் போகாமல் மேய்கின்றன. எப்படி?"

0:20 – 0:50 நிலம்

காட்சி: கேமரா தரையிலிருந்து மேலே ஏறட்டும்: முதலில் கொழுக்கட்டைப் புல், பிறகு வெள்வேல மரம், கடைசியில் சுற்றி நிற்கும் கிளுவை வேலி. பெயர்களை ஒவ்வொன்றாகத் திரையில் எழுதலாம். மூன்றையும் ஒரே நேரத்தில் போட்டால் ஒன்றும் மனதில் நிற்காது.

குரல்: "இது கொறங்காடு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கும் வறண்ட மேய்ச்சல் நிலம். கீழே புல், மேலே மரம், சுற்றிலும் உயிர்வேலி. கோடையில் புல் காய்ந்த பிறகும் வெள்வேல மரத்தின் காய்கள் ஆடுகளுக்குத் தீனியாகின்றன. தரிசு என்று கணக்கெழுதிவிடுகிறோம். மாடு வளர்ப்பவருக்கு இதுதான் சொத்து."

0:50 – 1:50 வேலி

காட்சி: அவசரப்பட வேண்டாம், இந்தப் பகுதிக்கு ஒரு நிமிடம் இருக்கிறது. முதலில், மழை ஈரத்தில் கிளுவைப் போத்தை, அதாவது வெட்டிய கிளையை, நடும் கைகள், மிக அருகில். கடப்பாரையால் குழி, அதில் போத்து, சுற்றிலும் மண்ணை மிதிக்கும் கால். பிறகு வளர்ந்த வேலியில் ஒரு முள், பின்னணி மங்கலாக. அடுத்து படலைத் திறந்து மாடுகளைப் பக்கத்துக் காட்டுக்கு மாற்றும் காட்சி. கடைசியில் ஓர் எளிய கோட்டோவியம்: மூன்று கட்டங்கள், மாடு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது, விட்டு வந்த கட்டம் பச்சையாகிறது.

குரல்: "கிளுவைக் கிளையை வெட்டி, அந்தப் போத்தை மழைக்காலத்தில் நெருக்கமாக நட்டால் அதுவே வேர்பிடித்துவிடும். கோடையில் இலை உதிர்ந்தாலும் முள் உதிராது. இந்த முள்வேலி நிலத்தைத் தனித்தனிக் காடுகளாகப் பிரிக்கிறது. ஒரு காட்டில் மாடுகள் மேயும்போது இன்னொரு காடு ஓய்வெடுக்கிறது. புல் மீண்டும் தழைக்கவும் விதை விழவும் அவகாசம் கிடைக்கிறது. வேலியில் சந்து விழுந்தால் இந்த ஒழுங்கு குலைகிறது. ஓய்வில் இருக்க வேண்டிய காட்டுக்குள் கால்நடை நுழையும். அதைத் தடுக்க நாள் முழுவதும் ஓர் ஆள் காவல் நிற்க வேண்டியிருக்கும். வேலியில் விழுந்த சந்துகளை அடைக்க ஆள் கிடைப்பதில்லை என்பதுதான் நாங்கள் பேசிய வளர்ப்பவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன குறை."

1:50 – 2:15 எப்படிப் பார்த்தோம்

காட்சி: குறிப்பேட்டில் நான் கையால் வரைந்த காட்டின் படம். பேட்டி தந்தவர்களின் முகம் வேண்டாம். அவர்களிடம் வாங்கிய அனுமதி குரலுக்கு மட்டும்தான்.

குரல்: "காடுகளைச் சுற்றி நடந்து வேலியில் சந்து விழுந்த இடங்களைக் குறித்தோம். வளர்ப்பவர்களிடம் மாடுகளை எப்போது, ஏன் மாற்றுகிறார்கள் என்று கேட்டோம். புல்லின் விளைச்சலை நாங்கள் அளக்கவில்லை. ஆகவே வேலி நன்றாக இருந்தால் புல் இத்தனை மடங்கு கூடும் என்று எங்களால் சொல்ல முடியாது."

தம்பி, இந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களை நேரம் போதவில்லை என்று வெட்டிவிடாதீர்கள். நேரம் மிச்சப்படுத்த வேண்டுமானால் 'நிலம்' பகுதியில் வெட்டுங்கள்.

2:15 – 2:45 முடிவு

காட்சி: ஒரு பக்கம் கல்தூண் நட்ட கம்பிவேலி, மறுபக்கம் கிளுவை. இரண்டையும் ஒரே சட்டகத்தில் எடுக்க, தாராபுரம் சாலையில் காற்றாலைகள் தெரியும் அந்த வளைவு பொருத்தமாக இருக்கும். பிறகு வேலியோரம் ஒரு கன்று. பிறந்து சில மாதமே ஆன செந்நிறக் கன்றாக இருந்தால் நல்லது. வளர்ந்தால் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும்.

குரல்: "காங்கயம் மாட்டைக் காக்க வேண்டும் என்று எல்லோரும் பேசுகிறோம். மாட்டுக்குத் தரும் உதவியில் ஒரு பங்கு, போத்து நடவும் வேலிச் சந்து அடைக்கவும் போக வேண்டும் என்பது எங்கள் பரிந்துரை. கம்பிவேலி போட்டவர்களைக் குறை சொல்லவில்லை. ஆள் கிடைக்காத ஊரில் அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை."

2:45 – 2:55 திரை எழுத்து

காட்சி: போஸ்டரின் தலைப்பு, ஆசிரியர்கள் பெயர், முழுப் போஸ்டருக்கான கியூஆர் குறியீடு. கைபேசியில் ஸ்கேன் செய்ய நேரம் வேண்டும், பத்து நொடியும் அசையாமல் நிற்கட்டும். குரல் இல்லை.