கணக்கு சாரின் படத்திறப்பில் பேசியது

சார் வீட்டு அம்மாவுக்கும், சாரின் பிள்ளைகளான அண்ணன்கள் இருவருக்கும், இந்தப் பள்ளிக்கூடத்தில் சாரிடம் படித்தவர்களுக்கும், படிக்காமலே அவரைச் சார் என்று கூப்பிட்ட ஊர்க்காரர்களுக்கும் வணக்கம்.

நான் மேடையில் பேசிப் பழகியவள் இல்லை. பாசனப் பொறியாளராக இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்துவிட்டேன். மதகுக்கும் கரைக்கும் நடுவிலேயே காலம் போய்விட்டது. ஆனால் அம்மா கூப்பிட்டு, "நீ பேசணும், அவர் உன்னைப் பத்திதான் அதிகம் பேசுவார்" என்று சொன்னபோது மறுக்க முடியவில்லை.

சார் எனக்கு ஒன்பதாம் வகுப்பில் கணக்கு எடுத்தார். 1988. அப்போது இந்தக் கட்டடம் இல்லை, ஓட்டுக் கொட்டகைதான். மற்ற வகுப்புகளில் கரும்பலகையின் ஓரத்தில் தேதியும் வருகையும் எழுதியிருக்கும். எங்கள் வகுப்பில் அதற்குக் கீழே மூன்றாவதாக ஒரு வரி உண்டு: மேட்டூர் நீர்மட்டம். காலையில் டீக்கடைப் பேப்பரில் பார்த்துவிட்டு வந்து சார் தன் கையாலேயே எழுதுவார். முழுக்கொள்ளளவு 120 அடி, 93.47 டிஎம்சி என்பது எங்களுக்கு வாய்ப்பாடு மாதிரி. சதவீதம் அதில்தான் படித்தோம். வரைபடத்தாளில் நாங்கள் முதலில் போட்ட கோடு, ஆடியிலிருந்து மார்கழி வரைக்குமான மேட்டூர் மட்டம்.

ஒருநாள் கேட்டார்: "ஒரு டிஎம்சின்னா நூறு கோடி கன அடி. அது ஒரே நாள்ல ஆத்துல ஓடணும்னா வினாடிக்கு எவ்வளவு விடணும்?" யாருக்கும் தெரியவில்லை. அன்று முழுக்க எதுவும் சொல்லித்தரவில்லை. மறுநாள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் 86,400-ஆல் வகுத்து, 11,574 என்று சொன்னான். பதிலைக் கேட்டதும் சார் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அந்தப் பீரியட் முடியும்வரை அங்கிருந்தே பாடம் நடத்தினார்.

கடைசி பெஞ்சைத்தான் அவர் கடைமடை என்பார். எந்தப் பாடம் முடிந்தாலும் முதல் கேள்வி அங்கே போகும். "தலைமடையில தண்ணி நிக்கிறது பெருமையா? கடைமடைக்குப் போச்சான்னு பாரு." இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கல்லணையில் பிரிந்த வெண்ணாறு, தென்பெரம்பூரில் பிரிந்து, நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் மறுபடி பிரிந்து, கோரையாறாகவும் பாமணியாறாகவும் நடந்து நடந்து களைத்துத்தான் நம் பக்கம் வருகிறது. நாம் எல்லோருமே கடைசி பெஞ்ச்தான்.

இனி நான் சொல்லப் போவது இங்கே சிலருக்குத் தெரிந்திருக்கும். பலருக்குத் தெரியாது.

என் அப்பா தண்ணி கட்டுற ஆள். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ராத்திரி பகல் பார்க்காமல் வரப்பில் நிற்பவர். எழுதப் படிக்கத் தெரியாது. சம்பா நடவு சமயத்தில் ஒருநாள் சார் எங்களை வாய்க்காலுக்குக் கூட்டிப்போனார். முப்பது அடி அளந்து இரண்டு முளை அடித்தோம். தேங்காய் மட்டைத் துண்டு ஒன்றை மேல் முளையில் போட்டு, கீழ் முளைக்கு வர எத்தனை வினாடி என்று சாரின் கைக்கடிகாரத்தில் பார்த்தோம். முப்பது வினாடி. வாய்க்கால் அகலம் இரண்டு அடி, ஆழம் முக்கால் அடி. பெருக்கிப் பார்த்து வினாடிக்கு ஒன்றரை கன அடி என்று நான்தான் முதலில் கத்தினேன்.

சார் என்னை வாய்க்காலில் இறங்கச் சொன்னார். "மேல ஒரு கையை வை. இன்னொரு கையைத் தரையை ஒட்டி வை. எது வேகம்?" மேலேதான் வேகம். அடியில் தண்ணீர் மண்ணோடு உரசி உரசி மெதுவாகப் போகிறது. "மட்டை மேலதானே மிதந்தது? அது சொன்ன வேகம் மொத்தத் தண்ணியோட வேகம் இல்ல. அதனால 0.85-ஆல பெருக்கணும்." அப்போது விடை 1.275. பிற்பாடு கல்லூரியில் இதைப் பாடமாக எடுத்தபோது என் உள்ளங்கையில் அந்தக் குளிர்ச்சி அப்படியே இருந்தது.

மறுநாள் சார் என் அப்பாவை வகுப்புக்கு அழைத்து வந்தார். அந்தக் காலத்தில் அப்பா இந்தப் பள்ளிக்கூட வாசலைத் தாண்டியது கிடையாது. சார் தன் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கண்ணே" என்றார். அப்பா உட்காரவில்லை. துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரை ஒட்டி நின்றார். சார் வற்புறுத்தவில்லை. அவரும் உட்காரவில்லை. அந்த நாற்பது நிமிடமும் காலி நாற்காலிக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்தார்கள்.

"அண்ணே, நேத்து வாய்க்கால்ல ஓடின தண்ணி உங்களுக்குத் தெரியும். அதைச் சேத்து வயல்ல ஒரு மாவுக்குத் திருப்பினா, நாலு விரல்கடை நிக்க எவ்வளவு நேரமாகும்?"

அப்பா கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். "முக்கா மணி நேரம் ஆகுங்க வாத்தியாரய்யா. சொச்சம் இருக்கும்."

எங்களைக் கணக்குப் போடச் சொன்னார் சார். மூன்று மா ஒரு ஏக்கர். அப்படியானால் ஒரு மா 14,520 சதுர அடி. நாலு விரல்கடை என்றால் மூன்று அங்குலம், கால் அடி. மொத்தம் 3,630 கன அடி. அதை 1.275-ஆல் வகுத்தால் 2,847 வினாடி. நாற்பத்தேழு நிமிடம்.

வகுப்பே அப்பாவைத் திரும்பிப் பார்த்தது. 0.85 இல்லாமல் போட்டிருந்தால் நாற்பது நிமிடம் வந்து, அப்பா சொன்னது தப்பு என்று ஆகியிருக்கும். சார் அதையும் போட்டுக் காட்டினார். "பாத்தீங்களா? பாதி படிச்சா இவர் தப்பு, நாம சரின்னு தோணும். முழுசாப் படிச்சாத்தான் இவர் சரின்னு தெரியும்."

அன்று ராத்திரி அப்பா சாப்பிடவே இல்லை. திண்ணையில் உட்கார்ந்து, "நம்ம தண்ணி கட்டுறதுக்குக் கணக்கு இருக்காமே" என்று என் அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். ப்ளஸ் டூ முடிந்ததும் எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோது சார் எங்கள் வீட்டுக்கு வந்து அதிகம் பேசவில்லை. பேச வேண்டியதை அந்த நாற்காலி முன்பே பேசிவிட்டிருந்தது. அப்பா தானாகவே என்னைக் கல்லூரியில் சேர்க்கக் கிளம்பினார். சாரும் கூடவே பஸ் ஏறினார்.

சார் கோபக்காரர். அதையும் சொல்ல வேண்டும். ஒருமுறை வேறொருவர் செய்த தவறுக்காக ஒரு பையனை நிற்கவைத்துத் திட்டிவிட்டார். உண்மை தெரிந்ததும் மறுநாள் எல்லோர் முன்னாலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டார். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்ட பெரியவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வேலையில் சேர்ந்த முதல் வருடம், ஒரு கிளை வாய்க்காலின் கடைசிவரை தண்ணீர் போய்விட்டது என்று பதிவேட்டைப் பார்த்து அறிக்கை எழுதினேன். நேரில் போகவில்லை. இதை யாரிடமும் சொல்லவுமில்லை. ஆனால் அந்த வாரமே சாரிடமிருந்து ஓர் அஞ்சலட்டை. வழக்கமான நலம் விசாரிப்பு. கடைசி வரி மட்டும்: "கடைமடைக்குக் கடைசியாக எப்போது போனாய்?" மறுநாள் காலையில் மொபெட்டை எடுத்துக்கொண்டு போனேன். கடைசி மூன்று மதகுக்குக் கீழே வாய்க்கால் வெடித்துக் கிடந்தது. நாற்றங்கால் மஞ்சளாகிவிட்டது. ஒரு பாட்டி குடத்தில் தண்ணீர் எடுத்து நாற்றுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். அறிக்கையைத் திருத்தி எழுதினேன். முறை மாற்றித் தண்ணீர் விட்டோம். அந்த அட்டை இன்றும் என் மேஜையில் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. அதற்குப் பிறகு கண்ணால் பார்க்காத தண்ணீருக்கு நான் கையெழுத்துப் போட்டதில்லை. மதகைத் திறந்து மூடும் லஸ்கர்கள் சொல்லும் அளவைப் பேச்சு என்று ஒதுக்கியதுமில்லை. அவர்களில் என் அப்பா எத்தனையோ பேர் இருந்தார்கள்.

ஓய்வு பெற்ற பிறகும் அவர் விடவில்லை. 2018 பிப்ரவரி 16, காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த அன்று மதியமே போன். "பாப்பா, நடுவர் மன்றம் 192 டிஎம்சி சொன்னது. இப்ப 177.25. வித்தியாசத்தை வினாடிக்கு 10,000 கன அடி வீதம் விட்டா எத்தனை நாள்?" பதினேழு நாள், சார். "பதினேழு நாள்" என்று தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "கதிர் வர்ற நேரத்துல பதினேழு நாள்னா என்னன்னு உங்கப்பா இருந்தா சொல்லுவார்." அதே வருடம் நவம்பரில் கஜா புயல் அடித்தபோது, எழுபத்திரண்டு வயதில் இந்தத் தெருக்களில் வீடு வீடாகப் போய் விழுந்த தென்னைகளை எண்ணி எழுதினார். கரண்ட் இல்லை, ரோடு இல்லை. நோட்டும் பென்சிலும் இருந்தது.

இந்த வருடம் ஜூன் 12 மேட்டூர் திறந்தார்கள். மூன்றாம் நாள் கல்லணை. அப்போது சார் படுக்கையில் இருந்தார். அண்ணன் போனைக் காதில் வைத்துப் பிடித்துக்கொள்ள, ஒரே கேள்விதான் கேட்டார். "நம்ம ஊருக்கு?"

இன்னும் வரலை, சார், என்றேன். வந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம், அவர் சந்தோஷமாகக் கண் மூடியிருப்பார் என்று பிறகு சிலர் என்னிடம் சொன்னார்கள். அவரிடம் என்னால் அது முடியாது. "சரி, வந்ததும் சொல்லு" என்றார். நான்கு நாளில் போய்விட்டார்.

சார், 29ஆம் தேதி காலை ஏழு மணிக்கு நம் ஊர் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்தது. நான் நேரில் நின்றேன். அப்பா தண்ணி கட்டின அதே வாய்க்கால். அகலம் இரண்டு அடி, ஆழம் அரை அடி. முப்பது அடியை மட்டைத் துண்டு 38 வினாடியில் கடந்தது. வினாடிக்கு 0.67 கன அடி.

0.85-ஆல் பெருக்கிவிட்டேன், சார்.