கானாடுகாத்தான் வீட்டு முகப்பு: அந்திநேரப் படத்துக்கான பிராம்ப்ட்

கானாடுகாத்தானில் ஒரு செட்டிநாட்டு வீட்டின் தெருமுகப்பு. கார்த்திகை மாதம், மழை விட்டு அரை மணி நேரம் ஆகிறது. சூரியன் மறைந்து 20 நிமிடம். வாசல் மேற்குப் பார்த்தது. ஆகவே கூரைக்குப் பின்னால் தெரிவது கிழக்கு வானம். அதில் சிவப்போ ஆரஞ்சோ ஒரு கீற்றுகூட வேண்டாம். அடியிலிருந்து உச்சி வரை அடர்நீலம், மேலே போகப் போகக் கொஞ்சம் கறுக்கலாம். கூரையின் விளிம்பு அந்த நீலத்தில் தெளிவாக வெட்டித் தெரிய வேண்டும். நட்சத்திரம், நிலா இல்லை.

வீட்டின் கதவுகள் எல்லாம் திறந்திருக்கின்றன. தெருவில் நின்று பார்த்தால் நிலை, முகப்பு, வளவு, அடுத்த கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் வாசல்கள் தெரியும். ஒவ்வொன்றிலும் 2700 கெல்வின் மஞ்சள் வெளிச்சம், ஆனால் ஒரே அளவில் அல்ல: முதல் கட்டில் மங்கல், வளவில் பளிச், கடைசியில் ஒரு சின்னப் பொட்டு. ஆத்தங்குடித் தரையில் அது வழுக்கி வரட்டும். தேக்குத் தூண்களின் உள்பக்கம் மட்டும் சூடேறியது போல ஒளிரட்டும். திண்ணையில் விளக்கு இல்லை. உள்ளிருந்து கசிவதே போதும்.

வலப்பக்கம் ஒரே ஒரு தெருவிளக்கு, பழைய சோடியம் வகை, சுமார் 2000 கெல்வின். வீட்டு மஞ்சளைவிட இது செம்மஞ்சள். இரண்டும் கலந்து ஒரே நிறமாகிவிடக் கூடாது. வெளிச்சம் கம்பத்தடியில் வட்டமாக விழுந்து, ஈரத் தெருவில் நீண்டு, சுண்ணாம்புச் சுவரில் ஏறும்போதே சோர்ந்துவிட வேண்டும். வெளிச்சம் எட்டாத சுவரில் வானத்தின் நீலம் படிந்திருக்கும். வெள்ளைச் சுவர் என்பதற்காக அதை வெள்ளையாகவே காட்ட வேண்டாம்.

வாசல்தான் அதிக வெளிச்சம். வானம் அதைவிட 2 ஸ்டாப் குறைவு, நிழல்பட்ட சுவர் வானத்தைவிட 1 ஸ்டாப் குறைவு.

கேமரா ஸ்டாண்டில், கண்மட்டத்தில், 24 மிமீ டில்ட்-ஷிப்ட், தூண்கள் செங்குத்தாக. எஃப் 8, ஐஎஸ்ஓ 100, 8 விநாடி. ஒயிட் பேலன்ஸ் 3800 கெல்வின். ஆள் இல்லை; திண்ணையோரம் சாய்ந்த ஒரு சைக்கிள்.

தவிர்க்க: அகல் விளக்கு வரிசை (இது தீபத் திருநாள் படம் அல்ல), ஊதா வானம், பனிமூட்டம், விளக்கைச் சுற்றி நட்சத்திரக் கதிர், எல்லா ஜன்னலிலும் ஒரே மஞ்சள்.

வானம் கறுத்து வந்தால், அடுத்த சுற்றில் இது மட்டும்:

விளக்குகளைத் தொடாதே. நேரத்தை 10 நிமிடம் முன்னதாக்கு. கூரை ஓடுகளின் வரி மங்கலாகத் தெரியும் அளவுக்கு வானத்தில் வெளிச்சம் மிஞ்சியிருக்கட்டும்.

வாசல் வெளுத்துப் போனால்:

உள்வெளிச்சத்தை 1 ஸ்டாப் குறை, நிறத்தை மாற்றாதே. வளவுத் தூணின் செதுக்கல் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.